போட்டித் தொழில் தொடங்க வேலையை விடுகிறேன், கடிதத்தில் என்ன எழுதுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பல வருடம் கம்பனிகளின் அலுவலகப் பக்கத்தில் வேலை செய்தவன் நான். விலகல் கடிதங்களை வாங்கிக் கோப்பில் போட்டதும் உண்டு, எழுதிக் கொடுத்ததும் உண்டு. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு தம்பி கேட்டவை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹொட்டல்களுக்கு ஏசி சேர்விஸ் செய்யும் கம்பனியொன்றில் ஏழு வருடம் இருந்து, மேற்பார்வையாளர் ஆனவர். அலஸ்தோட்டத்தில் சொந்தமாக அதே தொழிலைத் தொடங்க நினைத்தார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இங்கே போடுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. எங்கே சட்டத்தரணியிடம் போக வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

ஏன் போகிறேன் என்று கடிதத்தில் எழுதியே ஆக வேண்டுமா? "சொந்தக் காரணங்கள்" என்று போட்டால் போதாதா?

போதும். சாதாரண ஊழியர் ஒருவர் விலகும்போது காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. நியமனக் கடிதத்தில் சொன்ன முன்னறிவித்தல் காலத்தைக் கொடுத்து, கடைசி நாளைத் தெளிவாக எழுதினால் கடிதம் செல்லும்.

ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விடுவது வேறு, இல்லாத காரணத்தைச் சொல்வது வேறு. "சொந்தக் காரணங்கள்" என்பது பொய்யில்லை. "அம்மாவுக்குச் சுகமில்லை", "கட்டாருக்குப் போகிறேன்" என்பவை பொய். நான் இருந்த ஓர் இடத்தில் ஒருவர் வெளிநாடு போவதாக எழுதிக் கொடுத்தார். எல்லாரும் காசு சேர்த்து ஒரு பயணப் பை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாவது கிழமை நிலாவெளி வீதியில் அவருடைய பெயர்ப் பலகை. முதலாளி முதலில் கேட்டது அவருடைய கடிதத்தைத்தான். அடுத்ததாக, அவர் கடைசி மாதத்தில் தொட்ட ஒவ்வொரு கோப்பையும் எடுத்துவரச் சொன்னார். அந்த மனிதர் வேறு தவறு எதுவும் செய்யவில்லை என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் கடிதத்தில் ஒரு வரி பொய் என்று தெரிந்த பிறகு, மற்ற எதையும் யாரும் நல்ல கண்ணால் பார்க்கவில்லை.

இன்னொன்று. கம்பனியில் நீங்கள் ஓர் இயக்குநர் என்றால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், 187ஆம் பிரிவில், கம்பனியின் நலனுக்காக நல்லெண்ணத்தோடு நடக்கும் கடமையை இயக்குநர்மேல் வைக்கிறது. நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதே அங்கே பிரச்சினையாகலாம். கடிதத்தில் கைவைக்கும் முன் சட்டத்தரணியைப் பாருங்கள்.

விலகுவதற்கு முன்பே வியாபாரப் பெயரைப் பதிந்து வைக்கலாமா?

ஆயத்தம் செய்வது பிழையில்லை. கடை பார்ப்பது, வங்கியில் கடன் பற்றிக் கதைப்பது, கருவிகளின் விலை விசாரிப்பது, பெயர் பதிவது எல்லாம் ஆயத்தம். அவற்றை உங்கள் லீவு நாளில், உங்கள் சொந்தக் காசில், உங்கள் சொந்த போனில் செய்ய வேண்டும். கம்பனி மோட்டார் சைக்கிளில் போய்க் கடை பார்த்தால் அந்தப் பெற்றோல் காசு சிறியதுதான், ஆனால் பிறகு அதுதான் பேச்சாகும்.

பதிவு பிரதேச செயலகத்தில் நடக்கும். கடை எங்கே இருக்கிறதோ அந்தப் பிரிவில்தான் பதிய வேண்டும். அலஸ்தோட்டம் என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம், நிலாவெளி என்றால் குச்சவெளி. சான்றிதழில் திகதி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஜனவரியில் பதிந்துவிட்டு மார்ச்சில் "இப்போதுதான் யோசிக்கிறேன்" என்று சொல்ல முடியாது.

ஆயத்தம் எங்கே போட்டியாக மாறுகிறது? முதல் வேலையை ஏற்கும் இடத்தில், முதல் விலையைச் சொல்லும் இடத்தில். சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டு ஏசியைச் சனிக்கிழமை மாலை சொந்தக் கணக்கில் கழுவிக் கொடுத்தாலும் அது போட்டிதான். உங்கள் நியமனக் கடிதத்தில் "வேறு எத்தொழிலிலும் ஈடுபடக் கூடாது" என்ற வாசகம் இருந்தால், பெயர் பதிவதைக்கூடக் கடைசி நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

முன்னறிவித்தல் மாதத்திலேயே ஹொட்டல்காரர் "நீ போனால் நாங்களும் உன்னோடு வருவோம்" என்கிறார். நான் போய்க் கேட்கவில்லையே, அவராகத்தானே சொல்கிறார்?

கடிதத்தில் எப்படி எழுதினாலும், ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் தம்பியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் கடற்கரைச் சீசன் ஏப்ரல், மே அளவில் தொடங்கிச் செப்டெம்பர் வரை போகும். உப்புக் காற்று வெளியே மாட்டிய ஏசிப் பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அதனால் ஹொட்டல்கள் சீசனுக்கு முன் எல்லா அறைகளையும் கழுவிச் சரிபார்க்க வருடாந்த ஒப்பந்தம் வைத்திருப்பார்கள். தம்பியின் கம்பனியில் அந்த ஒப்பந்தங்கள் மார்ச்சில் புதுப்பிக்கப்படும். விலை போட்டு, கடிதம் அனுப்பி, கையெழுத்து வாங்குவது இவர் பொறுப்பு. மார்ச்சில் புதுப்பிக்க ஒன்பது ஒப்பந்தங்கள் இருந்தன. இவர் விலக நினைத்ததும் மார்ச் கடைசியில்.

அதில் உள்ள ஆபத்தைப் பாருங்கள். இவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. ஒன்பது கடிதத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு "அடுத்த கிழமை அனுப்பலாம்" என்று தள்ளிப் போட்டாலே போதும். ஏப்ரலில் அந்த ஹொட்டல்களுக்கு ஒப்பந்தம் இருக்காது, சீசன் வாசலில் நிற்கும், தெரிந்த ஆள் இவர்தான். வேலையில் இருக்கும் கடைசி நாள் வரைக்கும் முதலாளிக்கு உண்மையாக உழைக்கும் கடமை உண்டு. வேண்டுமென்றே தாமதிப்பது அந்தக் கடமையை மீறுவதுதான். அது மறைந்தும் இருக்காது. முந்தைய வருடங்களில் எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது, இந்த வருடம் எப்போது தட்டச்சானது, எப்போது போனது என்று பக்கத்தில் பக்கமாக வைத்தால் எவருக்கும் தெரிந்துவிடும்.

கேட்காமலே சொல்லும் வாடிக்கையாளருக்கு வருவோம். அவர் சொன்னது உங்கள் குற்றமில்லை. நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதே கணக்கு. "பார்ப்பம் அண்ணே, ஏப்ரலில எடுங்கோ" என்றால், அது சம்பளம் வாங்கும் இடத்தின் வேலையை உங்கள் பக்கம் திருப்புவது. தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்த பதில் இது: "அண்ணே, நான் மார்ச் முப்பத்தொன்று வரைக்கும் கம்பனி ஆள். இந்த ஒப்பந்தத்தைக் கம்பனியோடயே கதையுங்கோ. அதுக்குப் பிறகு நான் என்ன செய்யிறன் எண்டதைப் பற்றி இப்ப என்னால கதைக்க ஏலாது." சொல்லிவிட்டு, அதே வாயோடு புதுப்பிக்கும் கடிதத்தை நீட்டினார். அவர் கையெழுத்திட்டால் ஒரு வருடத்துக்கு அந்த ஹொட்டல் உங்களுக்கு இல்லை. அது நட்டம்தான். ஆனால் அந்த மாதச் சம்பளம் அந்த வேலைக்குத்தான் தரப்படுகிறது.

என் போனில் 60, 70 ஹொட்டல் நம்பர்கள் இருக்கின்றன. போன் என்னுடையது. அவற்றை வைத்திருக்கலாமா?

போன் உங்களுடையது, பட்டியல் கம்பனியுடையது.

இந்த விஷயத்தில் நம் நாட்டில் இங்கிலாந்துத் தீர்ப்புகளையும் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1895இல் தீர்ந்த ராப் எதிர் கிரீன் வழக்கில், வேட்டைப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் விற்கும் பண்ணையின் முகாமையாளர் ஒருவர், வேலையில் இருக்கும்போதே வாடிக்கையாளர்களின் பெயர் முகவரிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்ச் சொந்தத் தொழில் தொடங்கினார். ஒப்பந்தத்தில் அதைத் தடுத்து ஒரு வரியும் இல்லாதபோதும் அது பிழை என்றே தீர்ப்பானது. 1986இல் ஃபக்செண்டா சிக்கன் எதிர் ஃபௌலர் வழக்கு. குளிரூட்டிய வான்களில் கோழியிறைச்சி விற்ற கம்பனியின் விற்பனை முகாமையாளர் விலகி அதே தொழிலைத் தொடங்கினார். வாடிக்கையாளர், பாதை, விலை எல்லாம் அவருக்குத் தெரியும். போட்டியைத் தடுக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இல்லை. கம்பனி தோற்றது. வேலை செய்ததில் தானாக மனதில் தங்கியதை, தொழில் இரகசியம் என்ற அளவுக்குப் போகாதவரை, விலகிய பின் பயன்படுத்தத் தடையில்லை என்றார்கள். கூடவே, பட்டியலைப் பிரதி எடுப்பதும், வேண்டுமென்றே மனப்பாடம் செய்வதும் கடமை மீறல் என்றும் சொன்னார்கள்.

தம்பிக்கு அதை இப்படிப் பிரித்துக் காட்டினேன். உப்பரித்த தகட்டை உடையாமல் எப்படிக் கழுவுவது என்பது அவர் கைத்தொழில், அதை யாரும் கேட்க முடியாது. நிலாவெளியில் எந்தெந்த ஹொட்டல்கள் இருக்கின்றன என்பது வீதியால் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்த ஹொட்டலுக்கு அறைக்கு என்ன விலை, ஒப்பந்தம் எந்தத் திகதியில் முடிகிறது, எந்த அறையில் எந்த வருடம் கம்பிரசர் மாற்றியது என்று அவர் போனில் படமெடுத்து வைத்திருந்த பதிவேட்டுப் பக்கங்கள் கம்பனியுடையவை.

பயந்துபோய் இரவோடு இரவாக எல்லாவற்றையும் அழிக்கவும் கூடாது. வட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் அனுப்பிய முறைப்பாடு, படம், பணம் கட்டிய ரசீது எல்லாம் கம்பனிக்குத் தேவை. முதலில் ஒப்படைக்க வேண்டும், பிறகு ஓர் ஆள் பார்க்க அழிக்க வேண்டும். என்னென்ன ஒப்படைத்தேன் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட வேலை செய்யும் பொடியனும் வர விரும்புகிறான். கூட்டிக்கொண்டு போகலாமா?

வேலையில் இருக்கும்போது கதைக்க வேண்டாம். நீங்கள் அவனுக்கு மேற்பார்வையாளர் என்றால் இன்னும் பாரதூரம். கடைசி நாளுக்குப் பிறகு அவன் தானாக வந்து வேலை கேட்டால் அது அவன் முடிவு. அவனும் முறையாக முன்னறிவித்தல் கொடுத்துத்தான் வர வேண்டும்.

நியமனக் கடிதத்தில் "விலகி இரண்டு வருடத்துக்கு இலங்கையில் எங்கும் இதே தொழில் செய்யக் கூடாது" என்று இருக்கிறது. என் கதை முடிந்ததா?

அப்படி எழுதியிருக்கிறது என்பதாலேயே அது முழுதாகச் செல்லும் என்றில்லை. முதலாளி காக்க வேண்டிய நியாயமான ஒன்று உண்டா, காலமும் இடமும் அதற்குத் தேவையான அளவுதானா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். திருகோணமலையில் மட்டும் தொழில் செய்யும் கம்பனி, நாடு முழுவதையும் அடைத்து வைப்பதை நியாயப்படுத்துவது கடினம். "ஆறு மாதத்துக்கு எங்கள் ஒப்பந்த வாடிக்கையாளரை அணுகக் கூடாது" என்பது போன்ற சின்ன வாசகம்தான் நிற்கக்கூடியது, அதனால் அதற்குத்தான் நீங்கள் கூடுதலாகக் கவனம் எடுக்க வேண்டும். வாசகம் எதுவாக இருந்தாலும் கடிதத்தில் அதைப் பற்றி வாதாடாதீர்கள். "அது செல்லாது" என்றும் எழுத வேண்டாம், "அதற்குக் கட்டுப்படுவேன்" என்றும் எழுத வேண்டாம். நியமனக் கடிதத்தோடு சட்டத்தரணியிடம் போங்கள். விலகும் நாளில் புதிதாக ஏதாவது தாளை நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்த பிறகு கையெழுத்திடுங்கள்.

சரி, கடைசியில் கடிதம் எப்படி இருந்தது?

தம்பி பெப்ரவரி 27ஆம் திகதி கொடுத்த கடிதம் இது. பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

> ஐயா,
>
> பதவி விலகல்
>
> சேவை மேற்பார்வையாளர் பதவியிலிருந்து விலக முடிவு செய்துள்ளேன். எனது நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தலாக இக்கடிதத்தை ஏற்றுக்கொள்ளவும். எனது கடைசி வேலை நாள் மார்ச் 31.
>
> விலகிய பின்னர் ஏசி பழுதுபார்க்கும் தொழிலைச் சொந்தமாக நடத்த எண்ணியுள்ளேன். இதைத் தாங்கள் என்னிடமிருந்தே முதலில் அறிய வேண்டும் என்பதால் குறிப்பிடுகிறேன். மார்ச் 31 வரை அத்தொழிலுக்காக எந்த வேலையையும் ஏற்க மாட்டேன், வாடிக்கையாளரையோ சக ஊழியரையோ அணுகவும் மாட்டேன். ஒரு வாடிக்கையாளர் தாமாகவே இது பற்றி ஜனவரியில் என்னிடம் கேட்டார். அந்த விபரத்தை நேரில் சொல்கிறேன்.
>
> மார்ச்சில் புதுப்பிக்க வேண்டிய ஒன்பது ஒப்பந்தங்களின் பட்டியலை இணைத்துள்ளேன். இவற்றை வேறொருவர் கையாள்வது நல்லது என்று தாங்கள் கருதினால் இன்றே ஒப்படைக்கிறேன்.
>
> சாவிகள், கருவிகள், மோட்டார் சைக்கிள், பதிவேடுகள் ஆகியவற்றைக் கடைசி நாளில் கையளிப்பேன். எனது கைபேசியிலுள்ள கம்பனித் தகவல்களைத் தாங்கள் நியமிப்பவரிடம் ஒப்படைத்த பின், அவர் முன்னிலையில் அழித்துவிடுவேன்.
>
> ஏழு வருடங்களாகத் தொழில் கற்றுத் தந்தமைக்கு நன்றி.

காரணம் சொல்லத் தேவையில்லை என்று மேலே சொன்ன நானே, இவரை ஏன் எழுதச் சொன்னேன் என்று கேட்கலாம். அந்த ஒன்பது ஒப்பந்தங்களும் இவர் கையில் இருந்தன. இவர் எங்கே போகிறார் என்று தெரிந்தால்தான் முதலாளி அவற்றை வேறொருவரிடம் மாற்றலாமா என்று முடிவெடுக்க முடியும். களஞ்சியத்தில் கணக்கெழுதும் ஒருவர் என்றால் முதல் பந்தியோடும் நன்றியோடும் நிறுத்தியிருப்பேன்.

அந்த ஜனவரி வரிக்கும் ஒரு கதை உண்டு. முதல் பிரதியில் "இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் இது பற்றிப் பேசவில்லை" என்று எழுதியிருந்தோம். அழகான வரி. எழுதி முடித்ததும் தம்பி பேனையை மூடி வைத்துவிட்டு, "அண்ணே, ஒருத்தர் கேட்டவர். நான் 'பார்ப்பம்' எண்டு சொன்னனான்" என்றார். அந்த வரியை வெட்டினோம். வெட்டிவிட்டுச் சும்மா விடவும் முடியாது. உண்மையை அதன் அளவில், கூட்டாமல் குறைக்காமல் எழுதினோம். வருங்காலத்தைப் பற்றிய வாக்குறுதி உங்கள் கையில் இருக்கிறது. நடந்ததைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்த ஹொட்டல்காரர் சாட்சி சொல்ல வந்தாலும் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

கோபத்தில் முதலாளி கிராச்சுவிட்டியை மறித்து வைக்க முடியுமா? ஈ.பி.எஃப். காசை முதலாகப் போடலாமா?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 90,000 ரூபா, ஏழு வருடம் என்றால் 45,000 ரூபாவை ஏழால் பெருக்க 315,000 ரூபா. மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் செய்தல் போன்ற காரணத்துக்காக வேலை நீக்கப்பட்டால் அந்த நட்டத்தின் அளவுக்குக் கழிக்கலாம். முறையாக விலகிப் போட்டித் தொழில் தொடங்குவது அந்தக் காரணங்களில் இல்லை. தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம்.

ஊழியர் சேமலாப நிதியை நம்பிக் கடைக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். சொந்தத் தொழில் தொடங்குகிறேன் என்பதற்காக அதை எடுக்க முடியாது. பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வர வேண்டும்.

கடிதத்தைக் கொடுத்ததும் "இன்றே போ" என்றால்?

போங்கள். முன்னறிவித்தல் மாதத்துக்கான சம்பளத்தைக் கேளுங்கள். இன்றே வேலை முடிகிறதா, அல்லது மார்ச் 31 வரை சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொல்கிறாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது என்றால் நீங்கள் இன்னும் ஊழியர்தான், கடையைத் திறக்கக் கூடாது. வாயால் மட்டும் சொன்னால், "இன்று தாங்கள் கூறியபடி" என்று தொடங்கி அன்றே ஒரு சின்னக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஏப்ரல் 1 முதல் விளம்பரம் போடலாமா?

போடலாம். தடுக்கும் வாசகம் உங்கள் நியமனக் கடிதத்தில் இல்லையென்றால், அன்றிலிருந்து பழைய வாடிக்கையாளரும் உங்களுக்குப் பொது வாடிக்கையாளரே. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருப்பவரிடம் போய் அதை முறிக்கச் சொல்லாதீர்கள். பழைய கம்பனியின் பெயர், நிறம், முத்திரை போலத் தோன்றும் எதையும் பலகையில் போடாதீர்கள். அவர்களைக் குறைத்துப் பேசவும் வேண்டாம். வாடிக்கையாளரைக் குழப்புவதையும், போட்டியாளரைப் பொய்யாக இழிவுபடுத்துவதையும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு நியாயமற்ற போட்டி என்கிறது. தம்பி முதலில் பலகையில் "முன்னாள்" என்று தொடங்கிப் பழைய கம்பனியின் பெயரைப் பெரிதாக எழுத நினைத்தார். கடைசியில் எழுதியது: "ஏசி, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்த்தல். ஏழு வருட அனுபவம். அலஸ்தோட்டம்."